பொறிக்கேள்வியைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? விவாத மேடைக்கும் கட்டுரைக்கும் ஒரு வழிகாட்டி

"காப்பியடிப்பதை நிறுத்திவிட்டாயா?" என்று ஒருவர் கேட்கிறார். "ஆமாம்" என்றால் முன்பு காப்பியடித்தேன் என்று ஆகிவிடும். "இல்லை" என்றால் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆகிவிடும். காப்பியே அடிக்காதவருக்கு இந்த இரண்டு பதில்களிலும் இடமில்லை. கேட்டவர் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை, வெறும் கேள்விதான் கேட்டார். ஆனால் குற்றச்சாட்டு கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி கேட்கும்போதே உண்மையென்று எடுத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லாமல் விடும் செய்தியை இங்கே முன்னனுமானம் என்று அழைக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் அது உண்டு. "நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்ற கேள்வியில்கூட ஒரு நூலகம் இருக்கிறது, அது திறக்கும் என்ற முன்னனுமானங்கள் உண்டு. அவற்றில் சிக்கல் இல்லை. எதிர்த்தரப்பு ஏற்றுக்கொள்ளாத ஒன்றை, விவாதத்துக்கே உரிய ஒன்றை, ஏற்கெனவே முடிந்த விஷயம்போல உள்ளே வைத்துக் கேட்டால்தான் அது பொறிக்கேள்வி.

கீழே உள்ள படிகளை ஒரே ஒரு கேள்வியை வைத்து முழுவதும் செய்து பார்க்கலாம். விவாதப் போட்டியிலும் கட்டுரைத் தலைப்பிலும் வரக்கூடிய வகைதான்:

"மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தை அழித்துவிட்ட கைப்பேசியைப் பள்ளிகள் இன்னும் ஏன் அனுமதிக்கின்றன?"

1. கேள்வியைச் சொல் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள்

தேவை ஒரு தாளும் பேனாவும். கேள்வியைச் சுருக்கி எழுத வேண்டாம். "கைப்பேசியைத் தடை செய்யலாமா?" என்று உங்கள் குறிப்பில் எழுதிவிட்டால் பொறி இருந்த இடமே காணாமல் போய்விடும். முன்னனுமானம் பெரும்பாலும் சிறிய சொல்லிலும் சொல்லின் ஈற்றிலும்தான் இருக்கும். சுருக்கும்போது முதலில் உதிர்வதும் அவைதான்.

மேடையில் முழுக் கேள்வியையும் எழுத நேரம் இருக்காது. அப்போது வினைச்சொற்களையும் "இன்னும்", "ஏன்", "மீண்டும்" போன்ற சிறு சொற்களையும் மட்டும் கேட்டபடியே குறித்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு "அழித்துவிட்ட – இன்னும் – ஏன் – அனுமதி" என்ற நான்கு சொற்கள் போதும்.

2. எந்தச் சொல் பொறியைத் தாங்குகிறது என்று பாருங்கள்

தமிழில் பொறி வழக்கமாக ஒளிந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு. அவற்றைப் பழகிவிட்டால் கேட்ட மாத்திரத்தில் காது பிடித்துவிடும்.

முதலிடம் பெயரெச்சத்துக்கு. "கைப்பேசி வாசிப்புப் பழக்கத்தை அழித்துவிட்டது" என்று வாக்கியமாகச் சொன்னால் அது ஒரு கூற்று. யாரும் "அப்படியா? எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். "அழித்துவிட்ட கைப்பேசி" என்று பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால் அது வெறும் அடைமொழி. கேட்பவரின் கவனம் வாக்கியத்தின் முடிவில் இருக்கும் வினைமுற்றுக்குப் போய்விடுவதால், நடுவில் இருப்பதை எதிர்க்கத் தோன்றாது. இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. "பிள்ளைகளைக் கெடுக்கும் படங்கள்" என்றால் எல்லாப் படங்களும் கெடுக்கின்றன என்று பொருளா, கெடுக்கும் சில படங்களை மட்டும் சொல்கிறாரா? தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். கேள்வி எழுப்புபவர் ஒரு பொருளில் தொடங்கி மற்றதில் முடிக்க இந்த இடைவெளி வசதியாகிவிடும்.

அடுத்தது "ஏன்". ஒன்று நடக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அதற்குக் காரணம் தேட முடியும். அதனால் "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தாலே, நடக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். "யார்" என்பதும் சில அமைப்புகளில் இதையே செய்யும். "வினாத்தாளைக் கசியவிட்டது யார்?" என்ற கேள்விக்குள் வினாத்தாள் கசிந்தது என்பது முடிந்த செய்தி.

"இன்னும்", "மீண்டும்", "இப்போதாவது", "கூட" போன்ற சொற்கள் ஒரு பழைய கதையையே இழுத்துவரும். "இப்போதாவது உண்மையைச் சொல்வீர்களா?" என்றால் இதுவரை சொன்னது பொய். "நிறுத்து", "விட்டுவிடு", "தொடங்கு" போன்ற நிலைமாற்ற வினைகளும் இதே வகை.

"தெரியுமா", "உணர்ந்தீர்களா" என்பவற்றை ஈற்றை வைத்துப் பிரிக்க வேண்டும். "திட்டம் தோற்றது உங்களுக்குத் தெரியுமா?" என்ற கேள்விக்குத் "தெரியாது" என்றாலும் திட்டம் தோற்றதாகவே நிற்கும். "திட்டம் தோற்றதாக நினைக்கிறீர்களா?" என்று கேட்டால் அந்தப் பொறி இல்லை. "தோற்றது", "தோற்றதாக" என்ற இரண்டுக்கும் இடையே ஒரே ஓர் ஈறுதான் வித்தியாசம்.

கடைசியாக, இரண்டாம் வேற்றுமை. "உடைந்த விளக்கைப் பார்த்தீர்களா?" என்றால் உடைந்த விளக்கு ஒன்று அங்கே இருந்தது. "உடைந்த விளக்கு ஏதாவது பார்த்தீர்களா?" என்றால் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சிறு வித்தியாசம் பதிலை மாற்றிவிடும். எலிசபெத் லாஃப்டஸும் கைடோ ஜான்னியும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், கார் விபத்துப் படம் ஒன்றைப் பார்த்தவர்களிடம் இதற்கு இணையான இரண்டு ஆங்கில வடிவங்களில் கேட்டார்கள். பொருள் இருந்ததாகவே வைத்துக் கேட்ட வடிவத்துக்கு, படத்தில் இல்லாத பொருளைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் கூடினார்கள். "தெரியவில்லை" என்றவர்கள் குறைந்தார்கள்.

3. மறுத்துப் பாருங்கள், எது அசையாமல் நிற்கிறதோ அதுதான் முன்னனுமானம்

சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கேள்வியை வாக்கியமாக்கி, அதன் முதன்மை வினையை மட்டும் எதிர்மறையாக்குங்கள்.

"மாணவர்களின் வாசிப்புப் பழக்கத்தை அழித்துவிட்ட கைப்பேசியைப் பள்ளிகள் அனுமதிப்பதில்லை."

வாக்கியம் தலைகீழாகிவிட்டது. ஆனாலும் வாசிப்புப் பழக்கத்தைக் கைப்பேசி அழித்துவிட்டது என்ற செய்தி அப்படியே இருக்கிறது. மறுத்தும் சாகாதது முன்னனுமானம்.

"ஏன்" தாங்குவதைப் பிடிக்க வேறு வாக்கியம் வேண்டும். "பள்ளிகள் ஏன் அனுமதிக்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். காரணம் தெரியாவிட்டாலும், அனுமதிக்கின்றன என்பது நிற்கிறது.

இங்கே பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். எதிர்மறையாக்க "என்பது உண்மையல்ல" என்பதை வாக்கியக் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள். அது முதன்மைச் செய்தியையும் முன்னனுமானத்தையும் சேர்த்தே அடித்துவிடக்கூடும். பிறகு எது நிற்கிறது, எது விழுகிறது என்று பிரிக்க முடியாது. "அனுமதிப்பதில்லை", "நிறுத்தவில்லை" என்று வினையையே மாற்றுங்கள்.

சோதனை முடிந்ததும் கிடைத்தவற்றை ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக எழுதுங்கள். நம் கேள்விக்குள் ஐந்து இருக்கின்றன:

அ. மாணவர்களுக்கு முன்பு வாசிப்புப் பழக்கம் இருந்தது.
ஆ. இப்போது அது இல்லை. ("குறைத்த" அல்ல, "அழித்துவிட்ட" என்பதைக் கவனியுங்கள்.)
இ. அதற்குக் காரணம் கைப்பேசி.
ஈ. பள்ளிகள் கைப்பேசியை அனுமதிக்கின்றன.
உ. முன்பும் அனுமதித்தன, இதற்குள் நிறுத்தியிருக்க வேண்டும்.

கடைசியில் உள்ள "நிறுத்தியிருக்க வேண்டும்" என்பது கண்டிப்பான முன்னனுமானம் அல்ல, "இன்னும்" தரும் தொனி. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று எளிதாகக் கழன்றுகொள்வார்கள்.

4. ஐந்தையும் எதிர்க்காதீர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: ஏற்கிறேன், பொய் என்கிறேன், ஆதாரம் கேட்கிறேன். கடைசி இரண்டும் ஒன்றல்ல. "பொய்" என்று நீங்கள் சொன்ன நொடியில் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. "இது நிறுவப்படவில்லை" என்று சொன்னால் பொறுப்பு கேட்டவரிடமே இருக்கிறது, அதுதான் நியாயமும்கூட. உங்கள் கையில் மறுப்பு ஆதாரம் இருந்தால் மட்டும் "பொய்" என்ற சொல்லை எடுங்கள்.

பிறகு, எது விழுந்தால் கேள்வியே விழும் என்று பாருங்கள். நம் பட்டியலில் (ஈ)-ஐ எதிர்த்து என்ன பயன்? சில பள்ளிகள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. அதைச் சொன்னால் கேட்டவர் "சரி, அனுமதிக்கும் பள்ளிகளைப் பற்றியே கேட்கிறேன்" என்பார், பொறி அப்படியே இருக்கும். (அ)-வும் அப்படித்தான். எல்லா மாணவர்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்ததா என்பது நல்ல கேள்வி, ஆனால் அதில் இறங்கினால் விவாதம் பழைய காலத்துக்குப் போய்விடும். (இ) விழுந்தால் நிலைமை வேறு. வாசிப்பு குறைந்ததற்குக் கைப்பேசிதான் காரணம் என்பது நிறுவப்படாவிட்டால், கைப்பேசியை அனுமதிப்பதில் குற்றம் எங்கே இருக்கிறது? கேள்வியின் சூடெல்லாம் (இ)-யில்தான். மேடையில் அதை மட்டும் எடுங்கள். கட்டுரையில் இடம் இருந்தால் (ஆ)-வையும் சேர்க்கலாம். "வாசிப்பு" என்றால் புத்தகம் மட்டுமா, திரையில் படிப்பதும் சேருமா என்பதைப் பொறுத்து (ஆ) மாறிவிடும்.

எதிர்ப்பதற்கு விலை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். முன்னனுமானத்தைக் கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும், கேட்பவர்களுக்கு நீங்கள் நழுவுவதுபோலத் தோன்றலாம். ஒருமுறை செய்தால் கூர்மை என்பார்கள். மூன்று முறை செய்தால் பதில் இல்லாதவர் என்பார்கள்.

5. மேடையில்: உடனே, ஒரே மூச்சில்

நேரம்தான் இங்கே எல்லாம். ஒருவர் எதையோ உண்மையென வைத்துப் பேச, யாரும் மறுக்காவிட்டால், அது அந்த உரையாடலில் எல்லோரும் ஏற்றதாகச் சேர்ந்துவிடும். தத்துவவியலாளர் டேவிட் லூயிஸ் 1979இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய இயல்பு இது. இரண்டு நிமிடம் கழித்து எதிர்த்தால், ஒப்புக்கொண்டதை மாற்றிப் பேசுவதாக ஆகிவிடும்.

கேட்ட உடனே இந்த வரிசையில் பேசுங்கள். முதலில் முன்னனுமானத்தை வெளியே எடுத்து உங்கள் சொல்லில் சொல்லுங்கள். இரண்டாவதாக அதன் நிலையைச் சொல்லுங்கள். மூன்றாவதாக, அதை நீக்கினால் மிஞ்சும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நழுவல் என்ற பேச்சுக்கு இடம் தராமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

"வாசிப்பு குறைந்ததற்குக் கைப்பேசிதான் காரணம் என்று வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அந்தத் தொடர்பை இந்த அவையில் இதுவரை யாரும் காட்டவில்லை. வகுப்பு நேரத்தில் கைப்பேசி இருக்கலாமா என்பது உங்கள் கேள்வியானால், ஆசிரியர் கேட்டுக்கொள்ளும் பாடங்களுக்கு மட்டும் இருக்கலாம் என்பது எங்கள் நிலை."

நிதானமாகப் படித்தாலும் இது அரை நிமிடத்துக்குள் முடியும். பிரிட்டிஷ் பாராளுமன்ற முறைப் போட்டிகளில் ஒருவரின் உரை 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக, எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதற்கு 15 விநாடிவரை இடம். 15 விநாடிக் கேள்விக்கு ஒரு நிமிடம் செலவழித்தால் உங்கள் சொந்த வாதம் தேய்ந்துவிடும். மேலே உள்ள அளவைத் தாண்டாதீர்கள்.

மேடையில் நேரும் மூன்று சறுக்கல்கள் இவை.

"கைப்பேசி வாசிப்புப் பழக்கத்தை அழிக்கவில்லை!" என்று பாய்வது முதலாவது. இது இயல்பாகவே வாயில் வரும். ஆனால் அதில் அவருடைய சொற்களையே நீங்கள் இன்னொரு முறை அவைக்குச் சொல்கிறீர்கள், நிரூபிக்கும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்கிறீர்கள். "அழித்துவிட்ட" என்ற சொல்லை உங்கள் வாயால் சொல்லவே வேண்டாம். "குறைந்ததற்குக் காரணம்" என்று மாற்றிச் சொல்லுங்கள்.

இரண்டாவது, "இது பொறிக்கேள்வி" என்று பெயர் சூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவது. பெயரை மட்டும் சொன்னால் நடுவருக்கு எதுவும் விளங்காது. எந்தச் சொல்லில் எது ஒளிந்திருக்கிறது என்று காட்டினால் பெயரே தேவைப்படாது. கேட்டவரின் நோக்கத்தைக் குறை சொல்வதும் இதே தவறுதான். பெரும்பாலானவர்கள் வேண்டுமென்று பொறி வைப்பதில்லை, தாங்கள் நம்புவதை வைத்துக் கேட்கிறார்கள்.

மூன்றாவது, "ஆம் அல்லது இல்லை, ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்ற நெருக்கடிக்குப் பணிவது. அப்போது இப்படிச் சொல்லுங்கள்: "ஆம் என்றாலும் இல்லை என்றாலும் கைப்பேசியே காரணம் என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றதைக் கேளுங்கள், சொல்கிறேன்."

தருணத்தைத் தவறவிட்டுவிட்டீர்களா? உங்கள் அடுத்த முறை வரும்போது முதல் வாக்கியமாகவே அதைச் சரிசெய்யுங்கள்: "முன்பு நான் தந்த பதில் அனுமதி பற்றியது மட்டுமே. காரணம் பற்றிய கூற்றை எங்கள் அணி ஏற்கவில்லை." உரையின் நடுவில் சொன்னால் யார் காதிலும் விழாது.

6. கட்டுரையில்: ஒரு பத்தி, அதற்கு மேல் வேண்டாம்

கட்டுரையில் அவசரம் இல்லை, ஆனால் வேறொரு கட்டுப்பாடு உண்டு. தலைப்பை வைத்தவர் அங்கே உங்களோடு வாதாட இல்லை, கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறீர்களா என்றுதான் திருத்துபவர் பார்ப்பார். 1000 சொல் கட்டுரையானால், முன்னனுமானத்துக்கு 150 முதல் 250 சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இது என் கணக்கு, விதி அல்ல. முழுக் கட்டுரையையும் தலைப்பு தவறு என்று காட்டவே செலவழித்தால், வாதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் "தலைப்புக்கு விடை இல்லை" என்ற குறிப்போடு திரும்பும்.

அந்தப் பத்தி முன்னுரைக்கு அடுத்ததாக வரட்டும். முடிவுரைக்கு முன்னால் வைத்தால், அதுவரை எழுதியதையெல்லாம் நீங்களே கலைப்பதுபோல ஆகிவிடும். தலைப்பின் சொற்களை அப்படியே மேற்கோள் காட்டித் தொடங்குங்கள்:

"இத்தலைப்பு, வாசிப்புப் பழக்கத்தைக் கைப்பேசி 'அழித்துவிட்ட' தாகக் கொண்டு தொடங்குகிறது. இதில் இரண்டு கூற்றுகள் சேர்ந்துள்ளன: பழக்கம் இப்போது இல்லை என்பது ஒன்று, அதற்குக் கைப்பேசியே காரணம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே காலத்தில் நடந்திருந்தாலும், ஒன்று மற்றதை விளைவித்தது என்று ஆகாது. வாசிப்பில் ஈடுபாடு குறைந்த மாணவர்களே கைப்பேசியை அதிகம் நாடியிருக்கவும் கூடும். எனவே இக்கட்டுரை இரண்டாவது கூற்றை முடிவாகக் கொள்ளாமல், அது உண்மையானால் பள்ளிகள் என்ன செய்ய வேண்டும், உண்மையில்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியே ஆராய்கிறது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அது தலைப்பை ஒதுக்கித்தள்ளவில்லை, நிபந்தனையோடு ஏற்றுக்கொள்கிறது. அடுத்த பகுதியில் "உண்மையானால்" என்ற கிளையை எடுத்து, பள்ளிகள் அனுமதிப்பதற்கான காரணங்களையும் அவை போதுமா என்பதையும் எழுதுங்கள். அதுவே தலைப்பு கேட்ட "ஏன்"-க்கான விடை. பிறகு "இல்லாவிட்டால்" என்ற கிளைக்கு வாருங்கள். தலைப்புக்கும் விடை கிடைக்கும், உங்கள் மறுப்பும் நிற்கும்.

ஆதாரம் கேட்பதாக எழுதினால், எப்படிப்பட்ட ஆதாரம் போதும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக, அனுமதிக்கும் பள்ளிகளையும் அனுமதிக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டு, இரண்டிலும் மாணவர்கள் மாதத்தில் எடுத்துச் செல்லும் நூலகப் புத்தகங்களைச் சில ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அனுமதிக்கும் பள்ளிகளில் மட்டும் எண்ணிக்கை சரிந்தால் காரணக் கூற்றுக்கு வலு கூடும். இரண்டிலும் ஒரே அளவில் சரிந்தால் பள்ளியின் அனுமதி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இந்த வரி இல்லாவிட்டால், எதைக் காட்டினாலும் ஏற்காதவராகத் தெரிவீர்கள்.

தலைப்பை மாற்றி எழுதும்போது உங்கள் பொறியை உள்ளே வைத்துவிடாதீர்கள். "பயனுள்ள கற்றல் கருவியான கைப்பேசியை ஏன் எதிர்க்கிறார்கள்?" என்று திருப்பினால் அதே பெயரெச்ச வேலையை எதிர்ப்பக்கம் செய்கிறீர்கள். எழுதி முடித்ததும் உங்கள் வாக்கியத்துக்கும் மூன்றாம் படியின் சோதனையைப் போட்டுப் பாருங்கள்.

7. எதிர்த்தரப்பு ஆதாரத்தோடு திரும்பி வந்தால்

முன்னனுமானத்தை வெளியே எடுத்துவைத்த பிறகு, நேர்மையான எதிராளி அதற்கு ஆதாரம் தருவார். அதற்குத்தானே கேட்டீர்கள்? அப்போது ஆதாரத்தைப் பாருங்கள். அது (இ)-க்கானதா, (ஆ)-வுக்கு மட்டுமானதா என்று பிரியுங்கள். பெரும்பாலும் வாசிப்பு குறைந்திருப்பதற்கான எண்களைக் கொண்டுவந்து, காரணத்தையும் காட்டிவிட்டதாக நினைப்பார்கள். "குறைந்திருப்பதை ஏற்கிறேன், காரணம் இன்னும் பாக்கி" என்று சொல்லலாம்.

காரணத்துக்கே ஆதாரம் வந்துவிட்டால், அந்த வரிக்கு எதிரே நீங்கள் எழுதிய "ஆதாரம் கேட்கிறேன்" என்பதை அடித்துவிட்டு "ஏற்கிறேன்" என்று எழுதுங்கள். இப்போது அது பொறிக்கேள்வி அல்ல, சாதாரணக் கேள்வி. பள்ளிகள் ஏன் அனுமதிக்கின்றன என்பதற்கு உங்களிடம் இருக்கும் காரணங்களைச் சொல்லத் தொடங்கலாம்.